மாறிலி இல்லாத வளைகோடு

கணக்கு வாத்தியார் ஒவ்வொருவருக்கும் பொறுக்க முடியாத பிழை ஒன்று இருக்கும். எனக்கு அது மாறிலி. தொகையீடு செய்துவிட்டுக் கடைசியில் அந்த மாறிலியை, ஒரு c-ஐ, போடாமல் வருகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டம் பெற்றுக் கொழும்பிலிருந்து வந்த புதிது. வயது இருபத்தைந்து. அன்றைக்கு எனக்கிருந்த தலைக்கனத்தை நான் தினமும் இணுவிலிலிருந்து கல்லூரிக்கு ஓடிய சைக்கிள் தாங்கியதே பெரிய காரியம்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் இன்டர் பரீட்சைக்குப் போகிற வகுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். அதில் எல்லோரும் பொடியன்கள், ஒருவரைத் தவிர. அவர் எங்கள் கல்லூரியிலேயே கீழ் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். குருநகர்க்காரர். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். தன் பாடம் முடிந்ததும் வேட்டியில் இருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டு வந்து பின்வரிசை வாங்கில் உட்காருவார். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஆனால் அவருடைய விடைத்தாளைத் திருத்துகிறவன் நான்.

அந்த வருடம் அதிபர் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். தவணைச் சோதனையில் தேறினால் கல்லூரி அவருடைய பரீட்சை விண்ணப்பத்தை அனுப்பும். தேறாவிட்டால் இனி வகுப்பில் உட்கார நேரம் ஒதுக்க முடியாது. அதாவது அந்த மனுசன் சாகும்வரை பெருக்கல் வாய்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.

சோதனையில் நான் ஒரு கேள்வியை இரண்டு பகுதியாகப் போட்டிருந்தேன். வளைகோட்டைத் தொட்டுக்கொண்டு போகும் நேர்கோட்டைத் தொடலி என்போம். முதல் பகுதி: தொடும் புள்ளியிலிருந்து x அச்சு வரை உள்ள தொடலியின் நீளம் எங்கும் ஒரே அளவாக இருக்கிற வளைகோட்டைக் கண்டுபிடி. இரண்டாம் பகுதி: இரண்டு அச்சுகளுக்கும் இடையில் அகப்படும் தொடலித் துண்டின் நீளம் எங்கும் a ஆக இருக்கிற வளைகோட்டைக் கண்டுபிடி.

முதல் பகுதியை அவர் அழகாகச் செய்திருந்தார். கரையோரமாக ஒருவர் நேரே நடந்தபடி கயிற்றால் தோணியை இழுத்தால் தோணி வருகிற பாதை அது. கடைசியில் c இருந்தது. நான் மகிழ்ந்து சரி போட்டேன். இரண்டாம் பகுதியில், x-இன் மூன்றில் இரண்டாம் அடுக்கையும் y-இன் மூன்றில் இரண்டாம் அடுக்கையும் கூட்டினால் a-இன் மூன்றில் இரண்டாம் அடுக்கு என்று முடித்திருந்தார். c இல்லை. எனக்குக் கண் சிவந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மாறிலி எங்கே என்று எழுதிச் சைபர் போட்டேன். அந்தப் பகுதிக்குப் பத்துப் புள்ளி. அவர் தேற ஆறு புள்ளி குறைந்தது.

வியாழக்கிழமை தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, உந்தக் கொன்ஸ்ரன்ரை எங்கை போடுறது எண்டு எனக்கு விளங்கேல்லை.”

“எல்லாத்திலையும் போடுறது போலத்தான் அண்ணை. வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்த்தால் c வர வேணும். எத்தினை தரம் சொல்லியிருப்பன்?”

“ஓம், சொன்னனீர்தான்,” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கவில்லை. அதைப் பார்த்து, தன் பிழையை ஒத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளி காலை எனக்கு முதல் பாடம் இல்லை. பொடியன்களுக்குக் காட்டுவதற்காக அந்தக் கேள்விக்கு மாதிரி விடை எழுத உட்கார்ந்தேன். தேறியவர்களின் பட்டியல் பத்து மணிக்கு அதிபரின் கையெழுத்தோடு தபால் ரயிலில் ஏற்றச் சுன்னாகம் ஸ்டேஷனுக்குப் போகும். எனக்கென்ன அவசரம்? பட்டியலில் என் வேலை முடிந்துவிட்டது.

சமன்பாட்டை எழுதி ஒருமுறை வகையிட்டேன். அது இரண்டு காரணிகளின் பெருக்கமாக வந்து நின்றது. முதல் காரணி சைபர் என்றால் சரிவு மாறாது. அங்கே c வந்தது, ஆனால் கிடைத்தவை நேர்கோடுகள் மட்டும். அச்சுகளுக்கு இடையே a நீளம் உள்ள எல்லா நேர்கோடுகளும். நான் கேட்டதோ வளைகோடு. இரண்டாவது காரணியிலிருந்து அண்ணையின் வளைகோடு வந்தது. அதில் c இல்லை.

சரி, நான் போட்டுக் காட்டுகிறேன் என்று x இருந்த இடத்தில் x-உம் c-உம் கூட்டி எழுதினேன். எந்தக் கோணத்தில் தொடலி வரைந்தாலும் துண்டின் நீளம் a என்று வர வேண்டும். வரவில்லை. a-உடன், c-ஐ அந்தக் கோணத்தின் கோசைனால் வகுத்த ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. கோணம் மாற மாற நீளமும் மாறியது. y பக்கம் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான்.

பேனையை வைத்துவிட்டு அடிமட்டத்தை எடுத்தேன். தாளில் இரண்டு அச்சுகளை வரைந்து, அடிமட்டத்தின் ஒரு முனை ஒன்றிலும் மறுமுனை மற்றதிலும் நிற்க, சுவரில் சாய்த்த ஏணி சறுக்குவது போல நகர்த்தி நகர்த்திக் கோடுகள் போட்டேன். ஏழெட்டுக் கோட்டிலேயே உள்வளைந்த அந்த வடிவம் தானாகத் தெரிந்தது. எல்லாக் கோடுகளும் அதைத் தொட்டுக்கொண்டு நின்றன. தோணியின் பாதையைக் கரை நெடுகிலும் எங்கே தள்ளி வைத்தாலும் கயிற்றின் நீளம் கெடாது, அதனால் அங்கே c உண்டு. இங்கே இரண்டு பக்கமும் சுவர். எதைத் தள்ளுவது?

அண்ணையின் விடை சரி. முழுக்கச் சரி. நான் மடையன்.

மணி ஒன்பதே முக்கால். பியோன் பட்டியலோடு ஸ்டேஷனுக்குப் புறப்பட்டிருந்தால்? வேட்டியைத் தூக்கிக்கொண்டு அதிபரின் அறைக்கு ஓடினேன். வழியில் நின்ற பொடியன்கள் வாய் பார்த்தார்கள். பட்டியல் மேசையில் இருந்தது. உறை இன்னும் ஒட்டவில்லை. கேட்காமலே கதிரையில் இருந்துவிட்டேன்.

“சேர், என்ரை திருத்தம் பிழை. எங்கடை குருநகர் வாத்தியாருக்குப் பத்துப் புள்ளி வர வேணும்.”

அதிபர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நீர் திருத்தினது பிழையோ?”

“ஓம் சேர். அவர் எழுதினது சரி.”

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு இருந்திருக்க வேண்டிய வெட்கம் எங்கே போனதோ தெரியாது. வந்தது ஆறுதல் மட்டும்தான். அதிபர் அண்ணையின் பேரைச் சேர்த்துக் கையெழுத்து வைத்தார். பியோன் உறையை ஒட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறும்வரை நான் வாசலிலேயே நின்றேன். அன்றைக்கு எனக்கு இரண்டு இட்டலி கூடுதலாக இறங்கியிருக்கும்.

இடைவேளையில் அண்ணையைத் தேடிப் போனேன். கீழ் வகுப்பின் கடைசி மேசையில் தனியாக இருந்தார்.

“அண்ணை, நீங்கள் செய்ததுதான் சரி. அதிலை c வராது. நான்தான் யோசிக்காமல் வெட்டிப்போட்டன். பட்டியலிலை உங்கடை பேர் போட்டாச்சு. தபாலும் போயிட்டுது.”

அவர் கண்ணை மூடி, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

“தாளைத் தாங்கோ அண்ணை, புள்ளியை மாத்தித் தாறன்,” என்றேன்.

அவர் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். நான் சிவப்பு மையால் வெட்டிய விடைக்குக் கீழே, அதே விடையைப் பென்சிலால் திரும்பவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு c சேர்த்திருந்தார்.

“c போட்டால் பிழை எண்டு தெரியும் தம்பி,” என்றார். “எண்டாலும் நீர் சொன்னனீர். எப்பவாவது பரீட்சை எழுதக் கிடைச்சால் இப்பிடித்தான் எழுதுவம் எண்டு இருந்தன்.”

நான் அவருடைய மேசையிலிருந்த இறப்பரை எடுத்து அந்த c-ஐ அழித்தேன்.