ஓரகத்தி கை வைத்து மூடிய கிண்ணம்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கு மனசே வரவில்லை. எட்டு வருஷமாக அவளைப் பார்த்து வயிறெரிகிறவள் நான். என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அதே வருஷம் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அதே வார்டில் வந்து சேர்ந்தாள். அவள் போர்த்தும் போர்வையில் சுருக்கம் இருக்காது. அவள் ஊசி போட்டால் குழந்தை அழாது. வீட்டிலும் மாமியார் வாயில் எப்போதும் "சின்னவ, சின்னவ"தான். நான் என்னவோ சுவரில் அறைந்த ஆணி.

மாமனார் இதயம் பலவீனப்பட்டு, கால் இரண்டும் வீங்கி எங்கள் வார்டுக்கே வந்தபோதுதான் எனக்கும் ஒரு காலம் வந்தது. அவர் படுக்கை என் பொறுப்பு. நீர் பிரிய வைக்கும் ஊசியை டாக்டர் இரண்டாம் நாள் இரட்டிப்பாக்கினார். இரண்டே நாளில் மூன்று கிலோ குறைந்தது, மூச்சு வாங்குவது நின்றது. "பெரியவ கைராசி!" என்று மாமியார் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்கும் வார்டுக்குமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

நான்காம் நாள் காலை மாமா இட்லியைத் தள்ளி வைத்துவிட்டார். குமட்டல், கெண்டைக்காலில் இழுப்பு. ஊசியால் நீர் வடிந்த உடம்பின் அசதி என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணிக்கு இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு நிமிடம் எண்ணினேன்: அறுபத்தெட்டு. அறுபதுக்குக் கீழே போனால்தான் நிறுத்த வேண்டும். ஃபைலில் பொட்டாசியம் மூன்று புள்ளி ஒன்பது, சரியான அளவு. மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டேன்.

"அக்கா, கொஞ்சம் இருங்க."

அவள்தான்.

"ரிப்போர்ட் எந்தத் தேதிக்கா?"

"ஏன், கண்ணு தெரியலையா உனக்கு?"

"அட்மிட் ஆன அன்னிக்கு எடுத்த ரத்தம். ஊசியை டபுள் பண்ணதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் போன தண்ணியோட பொட்டாசியமும் போயிருக்கும்ல?"

அவள் சொன்னது எனக்குத் தெரியாததா? பொட்டாசியம் குறைந்த இதயத்தை டிகாக்சின் வழக்கமான அளவிலேயே இறுக்கிப் பிடிக்கும். துடிப்பு தாறுமாறாகி ஆளையே கொண்டுபோய்விடும். குமட்டலும் சாப்பாட்டை வெறுப்பதும் அந்த மருந்து நஞ்சாவதன் முதல் அடையாளங்கள். இவ்வளவையும் படித்தவள்தான் நான். ஆனால் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நாடி நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பாடம் எடுக்க வராத," என்றேன்.

"சின்னவ சொல்றா, கேட்டுட்டுத்தான் குடேன்," என்றார் மாமியார்.

பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்கென்றே கிண்ணத்தை மாமாவின் வாயருகே கொண்டுபோனேன். அவள் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். அவள் சொல்வது தப்பு என்று நிரூபிக்க. "மாத்திரை, ஊசி ரெண்டையும் நிறுத்துங்க. ரத்தம் அனுப்புங்க, ஈசிஜி எடுங்க," என்றார். பொட்டாசியம் இரண்டு புள்ளி ஏழு. ஈசிஜி தாளில் முறை தப்பிய துடிப்புகள் இடையிடையே எகிறிக்கொண்டிருந்தன. மானிட்டரை மாட்டி, சிறுநீர் போகிறதா, சிறுநீரகம் சரியா என்று பார்த்துவிட்டு, பொட்டாசியத்தை டிரிப்பில் கலந்து பம்ப் வழியாக நிதானமாக ஏற்றினோம். அவசரப்பட்டால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். இன்னொரு மாத்திரை உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

சார்ட்டில் எழுத வேண்டியது என் வேலை. 'மாத்திரை நிறுத்தப்பட்டது, டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரவுண்டில் டாக்டர் அதைப் படித்து, "நல்ல வேளை கவனிச்சீங்க சிஸ்டர்," என்றார். அவளும் அங்கேதான் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா, "பெரியவதான் என் உசுரைக் காப்பாத்துனா," என்றார். மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். டிஸ்சார்ஜ் அன்று, யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் குடுக்கத்தான் வந்தேன். தடுத்தது அவ."

"தெரியும்மா. நான் முழிச்சுக்கிட்டுத்தானே கிடந்தேன்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் என் பேரைச் சொல்றீங்க?"

"சின்னவதான் சொல்லச் சொன்னா. 'அக்கா ஏற்கெனவே ரொம்ப நொந்து போயிருக்காங்க மாமா'ன்னா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டாள், பாவி.