கீழ் இடது மூலையில் ஒரு புள்ளி

மட்டாஞ்சேரியில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்ததும் பெற்றோர் கூட்டத்துக்காக ஓர் அறிக்கை தயாராகும். அந்த வருடம் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைப் போலவே அவரும் கொச்சியில் தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தனியாக இருந்தால் நாங்கள் மலையாளம் கலந்த தமிழில்தான் பேசிக்கொள்வோம்.

"லீவு போடற குட்டிகளுக்குத்தான் மார்க் குறையறது. அதை நீ கணக்கு போட்டுக் காட்டணும். அப்பத்தான் அம்மா அப்பாக்களுக்கு மனசிலாகும்" என்றார்.

"பார்க்கலாம் டீச்சர். ஆனா அது அத்தனை நேரா சொல்ல முடியாது" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் ஒன்பதாம் வகுப்பையே எடுத்துக்கொண்டேன். ஜூன் முதல் டிசம்பர் வரை ஒவ்வொருவரும் வந்த நாட்களின் சதவீதம் ஒரு வரிசை, கிறிஸ்துமஸ் பரீட்சையின் மொத்த மதிப்பெண் இன்னொரு வரிசை. கணினியில் வரைபடம் போட்டேன். கிடையாக வருகை, செங்குத்தாக மதிப்பெண், ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் கலைந்துதான் கிடந்தன, ஆனாலும் மொத்தத்தில் இடமிருந்து வலமாக மேலே ஏறின. இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று அளக்கும் ஒட்டுறவுக் கெழுவும் அதையே சொன்னது. இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து ஏறினால் அதன் மதிப்பு ஒன்று என்று வரும். நேர்கோட்டுத் தொடர்பு இல்லாவிட்டால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

கீழே எச்சரிக்கைகளை எழுதினேன். வருகையும் மதிப்பெண்ணும் சேர்ந்து போவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. நோய், வீட்டு நிலைமை போன்ற மூன்றாவது ஒன்று இரண்டையுமே குறைத்திருக்கலாம். மதிப்பெண் குறைந்ததால் பிள்ளை வராமல் போயிருக்கவும் கூடும். இது ஒரே ஒரு வகுப்பு. எந்தத் தனிப் பிள்ளையைப் பற்றியும் இதிலிருந்து தீர்ப்பு சொல்லக் கூடாது. எல்லா வரிகளையும் இரண்டு முறை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தலைமையாசிரியை, "இவ்வளவு வேணுமா?" என்று கேட்டபோது ஒரு சொல்லைக்கூட வெட்ட நான் சம்மதிக்கவில்லை.

கூட்டத்தன்று வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தேன். பெயர்கள் இல்லை. எச்சரிக்கைகளையும் மலையாளத்தில் வாசித்துச் சொன்னேன். பிறகு பெற்றோர்கள் ஒவ்வொருவராக மேஜைக்கு வந்தார்கள்.

சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மா வந்தபோது அறையில் இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய மகள் அந்தப் பருவத்தில் பாதி நாட்கள் வரவே இல்லை. நான் எழுந்து சுவர் அருகே போய், வரைபடத்தின் கீழ் இடது மூலையில் தனியாகக் கிடந்த புள்ளியில் விரலை வைத்தேன்.

"இதுதான் உங்க மக. வராததாலதான் மார்க் இங்க கிடக்கு. நீங்க ஒழுங்கா அனுப்பியிருந்தா இப்படி ஆகியிருக்காது."

காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தப் புள்ளியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கோபப்படவில்லை.

"எது முதல்ல நடந்துச்சுன்னு இதுல போட்டிருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "எதைச் சொல்றீங்க?"

"ஆகஸ்ட்ல வந்த ஓணப் பரீட்சைக்கு முன்னாடி அவ ஒரு நாளுகூட வீட்ல நின்னதில்ல டீச்சர். லீவு முடிஞ்சு பேப்பர் குடுத்தீங்கல்ல, அன்னைக்கு மார்க்கெல்லாம் சத்தமா வாசிச்சீங்களாம். இவளோடதை வாசிச்சிட்டு, 'இதுக்கு எதுக்கு இத்தனை பேப்பர் வீணாக்கினே'ன்னு கேட்டீங்களாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம் காலைல நான் வேலைக்குக் கெளம்பினதும் இவ பள்ளிக்கூடத்துக்குப் போகாம திரும்பி வந்து படுத்துக்குவா. எனக்கே நவம்பர்லதான் தெரிஞ்சுது. அடிச்சும் பாத்தேன். போக மாட்டேங்குறா."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்று தெரிந்தது. அது என் வாய்க்குப் பழகிய வாக்கியம். பல வருடங்களாகப் பல பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், சிரிப்பும் வந்திருக்கிறது. பின்னாலிருந்து யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "நான் பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து மாதம் மாதமாகப் பார்த்தேன். ஏழு மாதத்தையும் ஒரே சதவீதமாக மடக்கியதில் முன்பின் என்பதை நானே அழித்திருந்தேன். அந்தப் பெண்ணின் வரிசையில் ஓணம் வரை ஒரு விடுப்பும் இல்லை. விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஆரம்பித்து இடைவெளிகள் பெருகிக்கொண்டே போயின. அன்று நான் வாசித்த மதிப்பெண் பட்டியலில் கடைசியாக வந்த இன்னும் இரண்டு பேருக்கும் அதே கதை. மஞ்சள் காமாலை வந்த ஒரு பையனுக்கு அப்படி இல்லை. அவன் பரீட்சைக்கு முன்பே வராமல் இருந்தான். ஒரு பெண் அடிக்கடி விடுப்பு எடுத்தும் மதிப்பெண்ணில் முதல் வரிசையில் நின்றாள். மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

இன்னும் அச்சுக்குப் போகாத அறிக்கையில் ஒரு பத்தி கூடுதலாக எழுதித் தலைமையாசிரியையிடம் போனேன். சில மாணவர்களிடம் மதிப்பெண் அறிவிப்புக்குப் பிறகே வருகை குறைந்துள்ளது. மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கம் அதில் பங்கு வகித்ததா என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நடந்ததையும் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைப் போட்டுக்கோ. ஆனா யார் வாசிச்சதுன்னு போட வேண்டாம். உன் பேரை எதுக்கு இதுக்குள்ள வலிச்சு இழுக்கணும்?"

"சரி டீச்சர்" என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு அதிகம் கூசுவது அந்த நிம்மதிதான். "மதிப்பெண்கள் வாசிக்கப்பட்டன" என்றே அச்சாயிற்று, தாமாகவே வாசித்துக்கொண்டவை போல.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சுள்ளிக்கல்லில் அவர்கள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போனேன். அம்மா சாயா போடப் போனார். அந்தப் பெண் சுவரை ஒட்டி நின்றாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். நாளைக்கு கிளாஸ்லயும் எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லிடறேன்."

அவள் பதறித் தலையை ஆட்டினாள். "வேண்டாம் டீச்சர். திரும்ப எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க."

அதைக்கூட நான் யோசித்திருக்கவில்லை.

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

அவள் சொன்னாள்: "பேப்பரை மடிச்சுக் குடுங்க. எல்லாருக்கும்."

திங்கட்கிழமை அவள் வந்தாள். செவ்வாய் வரவில்லை, புதன் வந்தாள். அடுத்த சிறு பரீட்சையின் தாள்களை எல்லாம் இரண்டாக மடித்து, மதிப்பெண் வெளியே தெரியாமல் ஒவ்வொரு பெஞ்சாகப் போய்க் கொடுத்தேன். அவளுடையதைக் கொடுத்தபோது நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். நான் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.