சீட் அக்கா காட்டிய வருமானம்

'மனுதாரர் ஆதரவற்றவர், உடல் நலிந்தவர், வருமானத்துக்கு வழியின்றி வறுமையில் வாடுபவர்.'

விண்ணப்பத்தின் முதல் பத்தி இப்படிச் சொன்னது. மனுதாரரோ அந்த நேரத்தில் ஒரு பைக் சீட்டை மடியில் கவிழ்த்து, முழங்காலால் அமுக்கிக்கொண்டு, பழைய உறையை ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மெக்கானிக் கடைப் பையன்கள் கழற்ற முடியாத நட்டுகளை அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கணவர் இறந்த மறுமாதமே அவருடைய சீட் கவர் கடையைத் திறந்து உட்கார்ந்தவர். தெருவில் பெயர் சீட் அக்கா. ஆறு வருடமாக அந்தத் தையல் இயந்திரம் ஓய்வதில்லை, அக்காவின் வாயைப் போலவே.

மகளுக்கு மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கட்டணம் ஐம்பத்திரண்டாயிரம், முழுவதும் ஒரே தவணையில். இருபதாம் தேதிக்குள் கட்டாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அந்த இடம் போய்விடும். அக்காவிடம் இருந்தது இருபத்தோராயிரம். படிப்புக்கு வட்டியில்லாக் கடன் தரும் ஓர் அறக்கட்டளை இருந்தது. வருமானத்தை மனுதாரரே எழுதிக் கையெழுத்திடலாம். அவர்கள் ஆள் அனுப்பி நேரில் சரிபார்ப்பார்கள். ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

எழுதிக் கொடுத்தவர் கொழுந்தனார். அரசு அலுவலக எழுத்தர். கோப்புகளில் கண்ணீர் வரவழைப்பதில் கைதேர்ந்தவர். சொந்த வாழ்க்கையில் யார் அழுதாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அக்கா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு தம்பி வாடுறது?"

"நீங்கதான் அண்ணி."

"என்னைப் பார்த்தா வாடின மாதிரியா இருக்கு? வர்ற ஆளு வாசல்லயே சிரிச்சிட்டுப் போயிடுவான்."

"அவர் வரும்போது கொஞ்சம் சோர்வா உட்காருங்க."

"சோர்வா உட்கார்ந்தா சீட்டை யாரு தைக்கிறது? உங்க அண்ணனா எழுந்து வருவாரு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொழுந்தனார் அடுத்த பத்திக்குத் தாவினார். மாத வருமானம் ஆறாயிரம். தேவைப்படும் தொகை ஐம்பதாயிரம். "கேட்டதுல குறைச்சுதான் கொடுப்பாங்க அண்ணி. அதான் கூட்டிக் கேட்கிறோம்." கடைசிப் பத்தியை மட்டும் அக்கா சொன்னபடியே எழுதியிருந்தார்: அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஆயிரம் வீதம் திருப்பிச் செலுத்துவேன்.

அக்கா வியாபார நோட்டைப் புரட்டினார். மழை மாதத்தில் பதினைந்தாயிரம், மந்தமான மாதத்தில் எட்டு. வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.

"இதைத்தான் எழுதணும்."

"அண்ணி, வரம்புக்குப் பக்கத்துல போய் நிக்குது. 'உங்களைவிட ஏழை இருக்காங்க'ன்னு தள்ளிட்டா? சீட்டு போயிடும். உங்க சீட்டு இல்ல, பாப்பா சீட்டு."

மகள் கீழே கிடந்த நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஆறாயிரம் வர்றவ, வாடகையும் சாப்பாடும் போக மாசம் ஆயிரம் எங்கேருந்து தம்பி கட்டுவா? திருடியா?" என்றார் அக்கா. "ஆறாயிரம்னு போட்டா கடைசிப் பத்தி பொய். கடைசிப் பத்தி நிஜம்னா முதல் பத்தி பொய். ரெண்டையும் ஒரே தாள்ல வச்சிருக்கீங்களே!"

முப்பது வருடம் கோப்பு பார்த்த மனிதர் அந்தத் தாளை மறுபடி படித்தார். பிறகு பேனாவைத் திறந்து 'வாடுபவர்' வரை அடித்தார். அதன்பின் அவருக்கே உற்சாகம் வந்து, அக்கா சொல்லச் சொல்ல எழுதினார்: கட்டணம் இவ்வளவு, கையில் இவ்வளவு, குறைவது முப்பத்தோராயிரம். மாதாமாதம் சம்பாதிக்கிறேன், மொத்தமாகத்தான் இல்லை. நோட்டின் நகலும் கல்லூரியின் கட்டண விவரமும் மதிப்பெண் பட்டியலும் இணைத்துள்ளேன். புதிய விண்ணப்பம் முக்கால் பக்கம். தான் எழுதியதிலேயே ஈரமில்லாத மனு இதுதான் என்று கொழுந்தனார் பிற்பாடு வருத்தத்தோடு சொன்னார்.

பார்க்க வந்தவர் அறக்கட்டளைச் செயலாளரே. நோட்டைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், அரைமணி நேரத்தில் வந்துபோன மூன்று வாடிக்கையாளர்களையும் பார்த்தார். போவதற்குமுன் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"நீங்க அடுத்த மாசமே கட்ட வேண்டாம்மா. பாப்பா படிச்சு வேலைக்குப் போய், ஆறு மாசம் கழிச்சு அவங்க கட்டினா போதும். எங்க விதி அப்படித்தான்."

"கேட்கிறது நான், கட்டுறது அவளா? முதல் சம்பளம் அவளுக்குன்னு இருக்கட்டும் சார். முன்னாடியே கட்டினா வாங்கிக்க மாட்டோம்னு விதி இருக்கா?"

"அப்படி யாரும் இதுவரை கேட்டதில்ல."

பதினெட்டாம் தேதி, கல்லூரியின் பெயருக்கு முப்பத்தோராயிரத்துக்குக் காசோலை வந்தது. மகள் சேர்ந்தாள்.

சீட் அக்கா மறுமாதம் அறக்கட்டளைக்குப் போய் ஆயிரம் கட்டி ரசீது வாங்கினார். அதன்பின் முப்பது மாதங்கள், ஒரு மாதமும் விடாமல், அப்படியே கட்டினார்.