செலுத்து என்ற சொல்

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில்தான் இருந்தது. குடியிருப்பு முழுக்க அவளை ஒற்றக்கா என்றே கூப்பிட்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். இரண்டு சொற்களுக்கு நடுவே புள்ளி வைத்த எழுத்து, அதாவது ஒற்று, விட்டுப்போனால் சாப்பாட்டில் கல் கடித்தவள்போல முகத்தைச் சுளிப்பாள். அதனால் அச்சுக்கோப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. ஓய்வு பெற்று வரும்போது கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கூடவே பெயரும் வந்துவிட்டது.

பள்ளிப் புத்தகம், திருமண அழைப்பு, மருந்துத் தாள் என்று அவள் கண்ணில் படாமல் அந்த அச்சகத்திலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. ஒருமுறை மருந்துத் தாளில் 'வேளைக்கு அரை மாத்திரை' என்பது 'வேளைக்கு ஆறு மாத்திரை' என்று வந்திருந்தது. எழுத்துப்பிழை எதுவும் இல்லாததால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த ஒற்றக்கா ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். முதலாளி அன்றைக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். அதைப் பற்றி அவள் யாரிடமும் பெருமையடித்ததில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இப்போது வயது அறுபத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி போனபிறகு தம்பி மனைவியும் அவளும் ஒரே வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்தார்கள். ஒருவர் சொல்வதற்கு மற்றவர் மறுப்புச் சொல்லாத நாள் கிடையாது. ஒருவர் வராமல் மற்றவர் தட்டில் கை வைத்ததும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை படிக்கட்டுச் சுவரில் சமூகக் கூடத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'முதியோருக்கு பயிற்சி' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்த இலவச வகுப்பு, புதன்தோறும் காலை பத்து மணி, கைப்பேசியும் வங்கி அட்டையும் கொண்டுவரவும். ஒற்றக்கா தலைப்பைத் தாண்டிப் போக முடியாமல் நின்றாள்.

"ப் எங்க போச்சு?" என்றாள்.

"பஸ் ஏறிப் போயிருக்கும். வாங்கக்கா, பால் கெட்டுடும்" என்றாள் தம்பி மனைவி.

புதன்கிழமை அந்த 'ப்'புக்காகத்தான் ஒற்றக்கா கூடத்துக்குப் போனாள். செயலாளர் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவிப்பை அவரே எழுதி, அவரே அச்சடித்து, ஆளை வைத்து ஒட்டியிருந்தார். ஒரு எழுத்துத்தானே, பெரிய மனசு பண்ணி விட்டுவிடுங்கள் என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் இருபது நாற்காலிகள் போட்டிருந்தன. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒற்றக்காவுக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. எட்டாவது ஆளாக உட்கார்ந்தாள்.

வங்கிப் பெண் பொறுமைசாலி. வங்கிக் கணக்கில் கொடுத்திருக்கும் அதே எண் உள்ள கைப்பேசியில்தான் செயலி வேலை செய்யும் என்றாள். வங்கி அட்டையை வைத்து ஒவ்வொருவரும் ரகசிய எண் அமைத்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது. பிறந்த வருஷத்தை வைக்காதீர்கள் என்றாள். நான்கு பேர் வைத்ததை மாற்றினார்கள். பிறகு ஒற்றக்காவின் கைப்பேசியை மேசைமேல் வைக்கச் சொல்லி, தன் கைப்பேசியிலிருந்து பத்து ரூபாய் அனுப்பினாள். மேசைமேல் இருந்தது மணியடித்தது.

"நீங்க ஏதாவது அமுத்தினீங்களாம்மா?"

"கையே வைக்கலையே."

"அதான் விஷயம். பணம் வர்றதுக்கு அந்த ரகசிய எண், அதான் பின் நம்பர், வேணாம். ஸ்கேன் பண்ணவும் வேணாம். ரெண்டும் கொடுக்கிறதுக்கு மட்டும்தான். வர்ற பணத்துக்குப் பின் நம்பர் போடுன்னு எவனாவது சொன்னா, அவன் உங்க பணத்தை எடுக்கப் போறான்னு அர்த்தம்."

ஒற்றக்கா அதை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிப் படியேறும்போது கண் பழக்கத்தில் அறிவிப்புமேல் போயிற்று. இந்த முறை தலைப்பைத் தாண்டி, கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தாள். 'பணம் அனுப்புதல், பெறுதல் இரண்டுக்கும் இரகசிய எண்ணை இடும் முறை எளிமையாகக் கற்றுத்தரப்படும்.'

ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. வாக்கியமும் சரி. சொன்ன விஷயம்தான் தப்பு. திங்கட்கிழமையும் இதே வரி இங்கேதான் இருந்தது. தலைப்பில் ஒரு புள்ளியைத் தேடிக்கொண்டு நின்றவள் இதை விட்டிருக்கிறாள். படிக்கட்டிலேயே அவளுக்கு முகம் சுட்டது.

பாதி வழியிலேயே இறங்கிக் கூடத்துக்குப் போனாள். செயலாளர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். வகுப்புக்கு வந்தால் சரியாகச் சொல்லித்தரப் போகிறார்கள், இதற்காக எல்லாவற்றையும் கிழித்து மறுபடி ஒட்டுவதா, ஒட்டுக்கூலிக்குக்கூடக் கணக்கில் பணமில்லை என்றார்.

"பொடி எழுத்தை யாரும்மா படிக்கப் போறாங்க?"

"வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தோம். மிச்சப் பேருக்கு அந்த நோட்டீஸ்தாங்க வகுப்பு" என்றாள் ஒற்றக்கா.

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கிறேன் என்பதற்கு அலுவலகங்களில் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

பதினொரு கட்டடம், கட்டடத்துக்கு நாலு படிக்கட்டு, ஆக நாற்பத்து நாலு. கூடத்து வாசலில் ஒன்று, மருந்துக்கடைச் சுவரில் ஒன்று. நாற்பத்தாறையும் அவளே திருத்துவது என்று மறுநாள் காலை பட்டைப் பேனாவோடு புறப்பட்டாள். முழங்கால் வலிக்காரி எதற்கு ஊர் சுற்றப் போகிறாள் என்று தம்பி மனைவி வாசல்வரை வந்து திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, ஏறி நிற்பதற்குச் சின்ன முக்காலியைக் கையில் கொடுத்தாள்.

ஒவ்வொரு தாளிலும் 'பெறுதல் இரண்டுக்கும்' என்பதை நேர்கோடாக அடித்தாள். பக்கத்து வெள்ளையில் எழுதினாள்: 'பணம் பெற எண் தேவையில்லை. கேட்பவன் திருடன்.' அச்சகமாக இருந்தால் இரண்டாவது வாக்கியத்தை அவளே வெட்டியிருப்பாள்.

முதல் நாள் ஆறு கட்டடம் முடிந்தது. மறுநாள் ஒன்பதாவது கட்டடத்துக்குள் நுழைந்தபோது, அறிவிப்புக்கு நேர் கீழே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓட்டுநர் நின்றிருந்தார். கைப்பேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். பழைய கட்டில் ஒன்றை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தார். வாங்குவதாகச் சொன்ன ஆள் ஒரு கியூஆர் படத்தை அனுப்பியிருந்தான். படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் கட்டிலுக்கான பணம் கணக்கில் விழும் என்று தேன் தடவிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் ஸ்கேன் செய்து முடித்திருந்தார். விரல் எண் கட்டங்களுக்குமேல் நின்றது.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஒற்றக்கா.

"பணம் வருதும்மா. இதோ ஒரு நிமிஷம்."

"வர்ற பணத்துக்கு எதுக்குங்க நம்பர்?"

ஓட்டுநர் தலையைக்கூடத் திருப்பாமல் சுவரைக் காட்டினார். "நோட்டீஸ்லயே போட்டிருக்கே. அனுப்ப, வாங்க ரெண்டுக்கும்னு."

ஒற்றக்கா நிமிர்ந்து பார்த்தாள், அவள் இன்னும் அடிக்காத தாள். விளக்கம் சொல்ல நேரமில்லை. அவர் கைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய்த் திரையைப் பார்த்தாள். எண்ணைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தாள்.

"மேல என்ன எழுதியிருக்குன்னு வாய் விட்டுப் படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார். "செ... செலுத்து."

"செலுத்துன்னா கொடுக்கிறதா, வாங்கிறதா?"

அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. கைப்பேசிக்குள்ளிருந்த குரல், அம்மா யாரு, அவங்களுக்குத் தெரியாது, நீங்க போடுங்க சார் என்று அவசரப்பட்டது. ஒற்றக்கா கைப்பேசிப் பக்கம் குனிந்து, கட்டில் வேண்டுமென்றால் நேரில் வந்து தூக்கிக்கொண்டு போகும்படி சொன்னாள். இணைப்பு அறுந்தது. ஓட்டுநர் திரையை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர், ஒரு கீறல் இல்லாமல். இப்போது கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் மனைவியின் கண் அறுவைக்கு எடுத்துவைத்தது இருந்தது என்று பிறகுதான் சொன்னார்.

அவள் முக்காலியில் ஏறி அவர் தலைக்குமேல் இருந்த வரியை அடித்து எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த படிக்கட்டுக்கு முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மிச்சத்தை இருவரும் மதியத்துக்குள் முடித்தார்கள்.

அறிவிப்பையெல்லாம் யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்று செயலாளர் கோபமாக வந்தது மருந்துக்கடை வாசலில். ஒற்றக்கா பேனாவை மூடாமலே, நான்தான் என்றாள். ஓட்டுநர் நடுவில் வந்து, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பொடி எழுத்தை நான் படிச்சேன் சார், என்றார் கடைசியில். செயலாளர் நல்ல மனிதர்தான். முகம் வெளுத்துப் போயிற்று. சுவரில் இருந்ததைத் தானே கிழித்தார். சனிக்கிழமை புதுத் தாளை ஒட்டுவதற்கு முன்னால் மூன்றாவது மாடி ஏறி வந்து, ஒற்றக்காவிடம் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அவள் இரண்டு இடத்தில் குறித்தாள். தலைப்பில் 'ப்' வந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை இருபது நாற்காலியும் போதவில்லை. ஓட்டுநர் மனைவியையும் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். வங்கிப் பெண் பாடத்தைத் தொடங்குமுன், திரையில் வருவதை எப்படிப் படிக்க வேண்டும் என்று இந்த அம்மா சொல்லுவார்கள் என்று ஒற்றக்காவை முன்னால் கூப்பிட்டாள். முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள், பிறகு பெயர், பிறகு தொகை, எல்லாம் சரியென்றால் மட்டும் எண் என்றாள் ஒற்றக்கா. குரல் முதலில் தடுமாறியது, பிறகு நிமிர்ந்தது. பள்ளிப் புத்தகம் எத்தனையோ திருத்தியவள், ஒரு வகுப்பின் முன்னால் நின்றது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் தம்பி மனைவியோடு காய்கறிக் கடைக்குப் போனாள். முதன்முதலாகக் கைப்பேசியில் பணம் கொடுக்கப் போகிறாள். ஸ்கேன் செய்தாள். கடைக்காரர் பெயர் வந்தது. பலகையில் இருந்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாள்.

அதற்குள் தம்பி மனைவி கடைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டாள். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: "எங்க அக்காதாங்க அது. தனியாளா எண்ணூறு நோட்டீஸ், எண்ணூறு படிக்கட்டு. ஒரே நாள்ல."

ஒற்றக்காவின் காதில் அது விழுந்தது. நாற்பத்தாறு, இரண்டு நாள், கடைசிப் படிக்கட்டுகளுக்கு ஓட்டுநர் உடன் வந்தார். வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். தலையைக் குனிந்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையால் மறைத்து, ரகசிய எண்ணைப் போட ஆரம்பித்தாள்.