யூபிஎஸ் கத்தினால் ஓரங்கட்டு

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்ததும், இனி லாரியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குஜராத், ஒடிசா என்று லோடு ஏற்றிப் போய் வந்த ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன செய்வான்? கண்ணில் பட்டவர் மேலெல்லாம் எரிந்து விழுவான். நானும் விழுந்தேன். அது பொறுக்காமல்தான், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு கம்ப்யூட்டரும் அதற்கொரு ஸ்டியரிங்கும் வாங்கி அனுப்பினாள். லாரி ஓட்டும் கேமாம். பெட்டியைப் பிரித்தபோது சிரித்தேன். ஆனால் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒரு டிரெய்லரை ரிவர்ஸில் நிறுத்திய அன்று என் சிரிப்பு நின்றுவிட்டது. கைக்கு எதுவும் மறக்கவில்லை.

அந்தக் கேமில் பல பேர் ஒன்றாகச் சேர்ந்து, வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஓட்டிப் போகலாம். கான்வாய் என்பார்கள். சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர்தான் எல்லோரையும் சேர்ப்பார். பேச்சு மட்டும் போனில் நடக்கும். ஒரு நாள் அவர், "அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம நீங்கதான் முன்வண்டிங்க" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் என்னை முன்னால் போகச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்வேனா? "பாக்கலாம் சாமி" என்று கெத்தாகச் சொல்லி வைத்தேன்.

வினை கரண்ட் ரூபத்தில் வந்தது. எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். வீட்டுக்குப் பின்னால் தறிப்பட்டறை, அது என் மனைவியின் ராஜ்ஜியம். ஆடிக் காற்றில் எங்காவது ஒரு கிளை ஒயரில் உரசினால் போதும், தறியெல்லாம் சட்டென்று அடங்கிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. சில நேரம் லைட் ஒரு கண் சிமிட்டிவிட்டு எரியும். அந்தச் சிமிட்டலைக்கூடக் கம்ப்யூட்டர் தாங்காது, அணைந்துவிடும். அந்த வாரம் கேமின் புது அப்டேட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அதுதான் நடந்தது. திரும்ப ஆன் செய்தால், ஃபைல் கெட்டுப்போய்விட்டது, கேம் திறக்காது என்கிறது.

மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "அப்பா, எழுதிட்டேன்னு கம்ப்யூட்டர் சொல்றதுல கொஞ்சம் அதோட மெமரியிலயே நிக்கும். டிஸ்க்குல எறங்கறதுக்குள்ள கரண்ட் போனா அவ்வளவுதான், பாதி ஃபைலோட நின்னுக்கும்." மறுநாளே, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் தாங்கும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸுக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். அது வந்ததும் முழுக்கச் சார்ஜ் ஏற்றச் சொன்னாள். கம்ப்யூட்டர், திரை, நெட் பெட்டி, இந்த மூன்றைத் தவிர வேறெதையும் அதில் சொருகக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். மிக்ஸியைச் சொருகிவிடுவேனோ என்று பயம் போலிருக்கிறது.

சொருகினேன். கேமை மறுபடி ஏற்றத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் கீ... கீ... என்று கத்தியது, ஆனால் திரை அணையவில்லை! மனைவியைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டு, "பாரு புள்ள, கரண்டே இல்லாம ஓடுது" என்று மார்தட்டினேன். அவளும் நின்று வேடிக்கை பார்த்தாள். கத்தல் வேகமானது, பிறகு இடைவிடாமல் அலறியது, அப்புறம் எல்லாம் ஒரே இருட்டு. கேம் மறுபடியும் கெட்டது.

நான் யூபிஎஸ்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனைவி விடவில்லை.

"ஏனுங்க, வண்டி நின்ன ஒடனே சாவியத் திருப்பாத, டர்போ போயிரும், கொஞ்ச நேரம் ஐடில்ல ஓடவுட்டு அப்பறம் ஆஃப் பண்ணுன்னு கிளீனருங்கள அந்தத் திட்டுத் திட்டுவீங்களே. இந்தப் பொட்டியும் அதத்தானுங்க சொல்லுது. ஓடறதுக்கா கத்துது, ஒழுங்கா நிறுத்தச் சொல்லித்தானுங்க கத்துது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவள் சொன்னது அச்சு அசல் உண்மை.

அன்றிலிருந்து புதுப் பழக்கம். கத்தல் கேட்டால் டவுன்லோடை நிறுத்து. டிஸ்க் லைட் மினுக்குவது அடங்கட்டும். முறையாக ஷட்டவுன் கொடு. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் காற்றாடி நின்ற பிறகுதான் யூபிஎஸ் பித்தானில் கை வை. கரண்ட் வந்ததும் பாய்ந்து ஆன் பண்ணவும் மனைவி விடவில்லை. "வந்து வந்து போகுமுங்க. நிலைச்சு நிக்கட்டும். நாங்க தறியவே அப்புறந்தான் ஓட்டுவோம்" என்றாள். கெட்ட ஃபைலுக்கு மகள் ஒரு வழி சொன்னாள்: கேமிலுள்ள ஃபைல்களை எல்லாம் சரிபார்க்கச் சொன்னால், கெட்டதை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். அப்படியே செய்தேன். சனிக்கிழமை கேம் திறந்துகொண்டது.

ஞாயிறு மதியம் இன்னொரு புது அப்டேட் வந்து நின்றது. எல்லோரிடமும் ஒரே அப்டேட் இருந்தால்தான் கான்வாயில் சேர முடியும். பாதி இறங்கும்போது கரண்ட் போனது. கீ... கீ... என்றது யூபிஎஸ். கை தானாக வேலை செய்தது: நிறுத்தினேன், பொறுத்தேன், ஷட்டவுன் கொடுத்தேன். கரண்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. பட்டறையில் தறிச் சத்தம் எழும்பும்வரை சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ஆன் செய்தால், விட்ட இடத்திலிருந்து அப்டேட் இறங்கி முடிந்தது. ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. தனி அறையில் கைதட்டிக்கொண்ட ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் கிளம்பினோம். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் வரிசையாக லாரிகள், எல்லாம் என் வேகத்துக்கு வருகின்றன. மலைப்பாதை ஏறி இறங்கி, இன்னும் கொஞ்ச தூரத்தில் லோடு இறக்கும் இடம். அப்போது கீ... கீ... என்று சத்தம்.

ஒரு நிமிடம் ஆசை பிடித்து இழுத்தது. அழுத்தினால் போய்விடலாம். பேட்டரி தாங்கும். தாங்காவிட்டால்? இண்டிகேட்டரைப் போட்டேன்.

"கரண்டு போயிருச்சு சாமி. நான் ஓரங்கட்டறேன். பின்னால இருக்கறவங்க முன்னால போங்க" என்று போனில் சொன்னேன்.

ரிக் வண்டிக்காரர் குரல் வந்தது. "அதெப்படிங்கண்ணா? ரோட்டுல நம்ம ஆளு வண்டி நின்னா உட்டுட்டுப் போவமுங்களா? முன்வண்டி நின்னா எல்லா வண்டியும் நிக்கும். நீங்க பதட்டப்படாம ஆஃப் பண்ணுங்க."

லாரி நிறுத்தும் இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, சேவ் செய்து, கேமை மூடி, ஷட்டவுன் கொடுத்தேன். காற்றாடி நின்றது. இருட்டில் போனைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டபடி இருந்தேன். டீ, டயர், டீசல் என்று ரோட்டோரம் நின்று பேசும் அதே பேச்சு.

கரண்ட் வந்தது. பட்டறையில் தறிகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆன் செய்தேன். கேம் ஒரு குறையுமில்லாமல் திறந்தது; மறுபடி கான்வாயில் சேர்ந்தேன். என் வண்டி நிறுத்திய இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஒவ்வொரு லாரியும் அப்படியே நின்றது. என்னைப் பார்த்ததும் எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் அலறியது.

சத்தம் கேட்டு மனைவி வாசலில் வந்து நின்றாள். முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன வண்டியும் யாருக்குங்க காத்துக்கிட்டு நிக்குது?"

"எனக்குத்தான் புள்ள" என்றேன். முதல் கியரைப் போட்டேன்.