நீலமாகாத முகவரி

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, சார்ஜ் ஏறாத போன் என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். அன்று காலை பத்தரைக்கு ஓர் அம்மாவும் மகளும் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தார்கள். மகள் வாலிபால் சீருடையில் இருந்தாள். அம்மாவின் கையில் பழைய ஆண்ட்ராய்டு போன்.

"டச் போயிடுச்சும்மா. கொஞ்சம் அவசரமா பாருங்க," என்றார் அம்மா.

திரையைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது.

"டச் நல்லாதான் இருக்குக்கா. என்ன ஆவுது?"

பதில் மகளிடமிருந்து வந்தது. "இந்த லிங்கைத் தட்டினா ஓப்பனே ஆவல. பன்னெண்டு மணிக்குள்ள ஓகே குடுக்கலன்னா என் இடம் வேற பொண்ணுக்குப் போயிடும்."

அவளுடைய வாலிபால் கோச் அனுப்பிய எஸ்எம்எஸ் அது. ஜூனியர் அணித் தேர்வுக்கு வருவதை உறுதி செய்யச் சொல்லி ஒரு வரி, அதன் கீழே கிளப்பின் இணைய முகவரி. முகவரி மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாகக் கிடந்தது. நீலமும் இல்லை, அடிக்கோடும் இல்லை.

இப்படி அவசரப்படுத்திப் போலி லிங்குகளும் வரும் என்பதால் முதலில் கோச்சுக்கு போன் போடச் சொன்னேன். அவரே எடுத்தார். "நான்தான் அனுப்புனேன். பன்னெண்டு பேருக்கு அனுப்பியிருக்கேன், மூணு பேர்தான் பதில் போட்டிருக்காங்க. மத்தவங்களுக்கு விருப்பமில்லன்னு நெனச்சேன்," என்றார். மகளின் முகம் மாறிவிட்டது. மற்றவர்களும் இதே போல் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ?

முதலில் அவள் வேலையை முடித்தேன். முகவரியை காப்பி செய்து பிரவுசரில் ஒட்டியதும் படிவம் திறந்தது. அவள் பெயரை நிரப்பி அனுப்பினாள். அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவள் நகரவில்லை. "அக்கா, மத்தவங்களுக்கு?"

அந்த எஸ்எம்எஸ்ஸை அப்படியே என் போனுக்கு அனுப்பினேன். என் போனில் முகவரி பளிச்சென்று நீலமாக வந்தது!

"அதே மெசேஜ்தானே!" என்றார் அம்மா.

எஸ்எம்எஸ்ஸில் வருவது வெறும் எழுத்துதான். எது லிங்க் என்று முடிவு செய்வது வாங்கும் போனில் இருக்கிற மெசேஜ் ஆப். இது தெரிந்த விஷயம்தான், ஆனால் இந்த முகவரியில் எது இடிக்கிறது? சோதித்துப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. என் போனிலிருந்து பழைய போனுக்கு, 'டாட் காம்' என்று முடிகிற ஒரு முகவரியை அனுப்பினேன். நீலம். கிளப்பின் முகவரியைத் தனியாக அனுப்பினேன். கறுப்பு. அது 'டாட் கேம்ஸ்' என்று முடிந்தது.

"முடிவுதான்க்கா!" என்று கத்தியே விட்டேன். "காம், இன் மாதிரி தெரிஞ்ச முடிவுங்களோட பட்டியல் ஒண்ணு போன்ல இருக்கும். பழைய போன்ல பட்டியலும் பழசு. கேம்ஸ் அதுல இல்ல. அதனால சும்மா வார்த்தைன்னு விட்டுடுது."

"அப்ப புது போன் வாங்கணுமா?"

"வேணாம். இருங்க." அதே முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ், ஒரு கோலன், இரண்டு ஸ்லாஷ் சேர்த்து அனுப்பினேன். அந்த முன்னொட்டு இருந்தால் வருவது இணைய முகவரிதான் என்று போனுக்கு உறுதியாகத் தெரிந்துவிடும், முடிவைப் பட்டியலில் தேடாது. மூன்று பேரும் பழைய போனின் மேல் குனிந்து நின்றோம். மெசேஜ் வந்தது. நீலம்! மகள் எம்பிக் குதித்ததில் மேசையிலிருந்த ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்தது.

மறுபடி கோச்சுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அய்யோ, தமிழ்ல எழுத்து ஜாஸ்தி ஆனா ரெண்டு மெசேஜா கணக்காவும்னு நான்தான் அதை எடுத்துட்டேன்," என்றார். "வேற வார்த்தையக் கம்மி பண்ணுங்க. லிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு இடம் விடுங்க, தமிழ் எழுத்து ஒட்டவே கூடாது," என்றேன்.

பதினொன்று இருபதுக்குத் திருத்திய எஸ்எம்எஸ் போனது. அம்மா இருக்கையில் உட்காரவே இல்லை. கோச் லைனிலேயே இருந்து எண்ணினார். "ஏழு... எட்டு... கீழ்பென்னாத்தூர் பொண்ணும் போட்டுட்டா!" பதினொன்று ஐம்பதுக்கு எண்ணிக்கை பதினொன்று ஆனது. கடைசிப் பெண்ணின் அப்பா வயலில் இருந்தார், போன் அவரிடம். கடையிலிருந்த பெண் கோச்சிடம் நம்பர் வாங்கி அவரை அழைத்து, லிங்கைத் தட்டி அவர் மகளின் பெயரைப் போடச் சொன்னாள். மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது கோச் கத்தினார்: "பன்னெண்டு!"

அந்தத் தேர்வில் நான்கு பெண்கள் அணிக்குள் போனார்கள். கடைக்கு வந்தவள் அதில் இல்லை, ரிசர்வ் ஆனாள். வயலில் இருந்த அப்பாவின் மகள் அணியில் இருந்தாள். சேதி சொல்ல மறுபடி கடைக்கு வந்தபோது, ரிசர்வ் ஆனவள் தானே தேர்வானதைப் போலத்தான் மூச்சு வாங்கச் சிரித்தாள்.