வேப்பமரத்தடிச் சம்மதம்

கடன் கேட்டுப் போன முதல் ஐந்து தரமும் என் மனுசன் கூடவே வந்தார். வங்கிக்குள் மட்டும் வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். ஈடு வைக்கப்போவது என் சீதனக் காணி. பெண்சாதியின் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டிக் காசு வாங்கினான் என்று ஊரில் கதை வந்துவிடுமாம். வேலணையில் கதை வர அதுவே போதும் என்பதும் உண்மைதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த வருடம் புகையிலை நட்டதும் மழை நின்றுவிட்டது. தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்று வந்தால் கன்று தப்பும். வராவிட்டால் வருடம் முழுக்க எங்களுக்கு வேறு வருமானம் இல்லை.

வங்கிப் பொடியன் மரியாதையானவன். ஒவ்வொரு தரமும் "இது ஒண்டுதான் அக்கா" என்பான். முதலில் உறுதி. பிறகு ஊர் அதிகாரி விதானையாரின் கடிதம். பிறகு சம்பளக்காரர் இரண்டு பேரின் பிணை. பிறகு வங்கியின் வக்கீல் புரக்கிராசியார் உறுதியைப் பார்த்து எழுதும் அறிக்கை. காணியை விலை மதிக்க வந்தவர் வாடிய கன்றுகளைப் பார்த்துப் "பாவம்" என்றார், இளநீர் குடித்தார், போய்விட்டார்.

ஆறாம் தரம் ஈட்டு உறுதி எழுதித் தயாராக இருந்தது. அன்றைக்கு மனுசன் வரவில்லை. கிணற்றுத் துலாவால் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார்.

"அவர் எங்கை அக்கா? சீதனக் காணியெண்டாலும் தேசவழமைச் சட்டப்படி அவரின்ரை சம்மதக் கையெழுத்து இல்லாமல் ஈடு வைக்கேலாது."

"இதை ஏன் தம்பி நீர் முந்திச் சொல்லேல்லை?"

"அவர் ஒருநாளும் உள்ளை வரேல்லை, வெளிநாட்டிலையாக்கும் எண்டு நினைச்சு, கடைசியாக் கேப்பமெண்டு விட்டனான்."

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையில் கிடந்த பேனையைத் தூக்கி எறிந்திருப்பேன். அது நூலால் மேசையோடு கட்டியிருந்தது.

மறுநாள் மனுசன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மனேச்சர் லீவு. அடுத்தது சனி, ஞாயிறு, அதற்கடுத்தது போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைத்தார்.

மெசின் கடைக்காரரின் பேருக்குக் காசோலை எழுதினார்கள். புரக்கிராசியாருக்கு, மதித்தவருக்கு, முத்திரைக்கு, காப்புறுதிக்கு என்று கழித்த பிறகுதான் அப்படிக் கழிப்பார்கள் என்பதே எங்களுக்குத் தெரியும். குறைந்ததை நாங்கள் போட வேண்டும். பக்கத்து மேசையில் என் காப்பை அடகு வைத்தேன். அதே வங்கி, அதே பொடியன். பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. ஒரு கடதாசியும் கேட்கவில்லை.

மெசின் வந்து இறங்கியபோது தோட்டத்தில் பச்சையாக நின்றது மூன்று வரிசை. அதற்கும் இறைத்துப் பார்த்தோம். மிச்சத்தை மனுசன் பிடுங்கினார். நான் கிணற்றடியில் இருந்து அழுதேன்.

முதல் தவணை கட்டப் போன அன்று வங்கியின் தலைமைக் கந்தோரிலிருந்து ஒருவர் கொப்பியோடு வந்திருந்தார். சேவை எப்படி என்று கடன்காரரிடம் விசாரித்தார். கடதாசி கனக்கக் கேட்டார்களோ, கழிவுகளை முன்கூட்டிச் சொன்னார்களோ, பொடியன் விளக்கமாகப் பேசினானோ என்று கேட்டார். பொடியன் பார்த்துக்கொண்டு நின்றான். மரியாதையானவன் என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக, கடன் கிடைக்க எவ்வளவு காலம் சென்றது என்றார்.

"ஒரு போகம்" என்றேன்.

அப்படி எழுத முடியாதாம், நாள் கணக்கில் சொல்லட்டாம். கன்று நட்ட நாளிலிருந்து பிடுங்கிய நாள்வரைக்கும் விரலில் எண்ணிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.